அப்ரைசல் அட்டவணை சொதப்பும்போது: புகாரிலிருந்து காரணத்துக்கு

எங்கள் டிபார்ட்மென்டில் 46 பேர். அவர்களை மதிப்பிடும் மேனேஜர்கள் ஐந்து பேர். ஒருவருக்குக் கீழே 14 பேர், மற்றவர்களுக்கு 11, 9, 7, 5. ஆண்டு அப்ரைசல் பேச்சுக்கு ஒதுக்கிய காலம் ஏப்ரல் 6 திங்கள் முதல் 17 வெள்ளி வரை, அதுவும் பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிக்குள். ஒவ்வொரு காலண்டர் அழைப்போடும், ஊழியர் முன்னதாக நிரப்பித் தர வேண்டிய ஃபார்ம் இணைந்து போக வேண்டும். இந்த அட்டவணையைப் போடுவது நான். நாலாவது வருஷமாகப் போடுகிறேன்.

முதல் வருஷம் வந்த புகார்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிறகு படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. காலண்டர் கோளாறு என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் காலண்டரில் இல்லை. ஃபார்ம் வர வேண்டிய நாள், பேச்சு நடக்கும் நாள், ரேட்டிங் பூட்டப்படும் நாள் ஆகிய மூன்றும் முன்பின் மாறியிருந்தன. அதனால் கீழே புகார் எந்த வார்த்தையில் வருகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். நாங்கள் கூகுள் காலண்டரும் ஷீட்ஸும் பயன்படுத்துகிறோம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறும், காரணங்கள் பெரும்பாலும் மாறாது.

"பதினாலு பேருக்கும் இடம் இருக்குன்னு சொன்னீங்களே, இப்ப ஏன் இல்லை?"

இதுதான் முதலில் வரும் புகார். வருவது இரண்டாவது வாரம். அட்டவணை போட்ட அன்று எல்லாம் பொருந்தியிருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் மொத்தமும் ஆடத் தொடங்கும்.

14 பேர் வைத்திருக்கும் மேனேஜரின் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். பேச்சு 45 நிமிடம், அதற்கு முன் ஃபார்மை மறுபடி ஒரு முறை படிக்க 15 நிமிடம். ஆக ஒரு ஸ்லாட் ஒரு மணி நேரம், ஒரு பிற்பகலில் மூன்று. ஏப்ரல் 6 முதல் 17 வரை பத்து வேலை நாள். அதில் 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. மிச்சம் ஒன்பது நாள், 27 ஸ்லாட். 14 பேருக்கு 27 என்றால் தாராளம் என்று தோன்றும். நானும் முதல் வருஷம் இதோடு கணக்கை நிறுத்திவிட்டேன்.

இந்த வருஷம் அவருடைய காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினேன். செவ்வாயும் வியாழனும் 2 முதல் 4 வரை வாடிக்கையாளர் கால் இருக்கிறது, அதை நகர்த்த முடியாது. 7, 9, 16 தேதிகளில் தலா இரண்டு ஸ்லாட் போச்சு. 27 போய் 21 ஆனது. 8, 9, 10 தேதிகளில் அவர் புனேயில் இருக்கிறார். 8இல் மூன்று, 10இல் மூன்று, 9இல் மிஞ்சியிருந்த ஒன்று என ஏழும் போச்சு. மிச்சம் 14. சரியாகப் பதினாலு பேருக்குப் பதினாலு ஸ்லாட். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆபத்தானது. ஒருவர் வர முடியாமல் போனால் அவரை வைக்க இடமே கிடையாது.

சரிபார்க்கும் வழி எளிது. ஒவ்வொரு மேனேஜருக்கும் உண்மையில் காலியாக இருக்கும் ஸ்லாட்டை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 1.25க்குக் கீழே இருந்தால் அந்த அட்டவணை உடையும். நாலு பேருக்கு ஒரு உபரி ஸ்லாட் என்பது எங்கள் அனுபவத்தில் வந்த விகிதம், சாஸ்திரம் அல்ல. லீவு அதிகம் போகும் டிபார்ட்மென்ட் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இவருக்கு 18 வேண்டும், நாலு குறைகிறது. 13, 15 தேதிகளில் மட்டும் காலை 10 முதல் 12 வரையும் இவருக்குத் திறந்துவிடச் சொல்லி அனுமதி வாங்கினேன். இரண்டு நாளும் தலா இரண்டு, நாலும் வந்துவிட்டது.

நிர்வாகம் கொடுத்த நேரத்தை ஒருவருக்காக மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். வாரம் தொடங்குவதற்கு முன்பே கேட்டால் கிடைக்கும். நடுவில் போய்க் கேட்டால் "மற்ற நாலு பேருக்கும் முடிஞ்சிருக்கே" என்பார்கள். உபரி ஸ்லாட்டை மேனேஜரின் காலண்டரில் பெயரில்லாமல் அடைத்து வையுங்கள். வெறுமனே விட்டால் வேறு யாராவது மீட்டிங் போட்டுவிடுவார்கள்.

"எனக்கு ஜூன் 4ன்னு வந்திருக்கு"

ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்துவிடுவோம். இன்னொருவர் ஜூலை 4 என்று சொன்னால் உடனே ஷீட்டைத் திறங்கள். அதோடு இன்னொரு அறிகுறியும் கூடவே இருக்கும்: இரண்டாவது வாரத்துக்காரர்கள் யாருக்கும் அழைப்பே போயிருக்காது.

ஷீட்டின் `Locale` அமெரிக்காவில் இருக்கிறது என்று அர்த்தம். நாம் 06/04 என்று அடித்தால் அது மாதத்தை முதலில் படித்து ஜூன் 4 ஆக்கிக்கொள்கிறது. 07/04 ஜூலை 4 ஆகிறது, 10/04 அக்டோபர் 4 ஆகிறது. 13/04 என்று வரும்போது பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. எழுத்து செல்லின் இடப் பக்கம் ஒட்டி நிற்கும், தேதி வலப் பக்கம் ஒட்டி நிற்கும். தேதிப் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தாலே முதல் வாரம் வலமும் இரண்டாம் வாரம் இடமுமாகப் பிரிந்து நிற்பது கண்ணில் படும்.

`File > Settings` போய் `Locale` என்பதை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஆனால் அதோடு முடியாது. ஏற்கெனவே ஜூன் 4 என்று பதிந்த செல் ஜூன் 4ஆகவேதான் இருக்கும், காட்டும் விதம்தான் மாறும். அந்தப் பத்தியை அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். பேச்சு நாள் D பத்தியில் இருக்கிறது, காலியான வேறொரு பத்தியில் இதைப் போட்டு வைத்தால் கிழமையோடு தெரியும், தப்பு உடனே மாட்டும்:

```
=TEXT(D2,"ddd d mmm")
```

"ஃபார்ம் திறக்கவே மாட்டேங்குது" / "என் ஃபார்ம்ல வேற யாரோ எழுதியிருக்காங்க"

இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு புகார்கள். ஆனால் முதலாவது எரிச்சலோடு போகும். இரண்டாவது வந்தால் அன்றைக்கு மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் வருஷம் நான் செய்தது இது. ஒரு ஃபார்ம் டாகுமென்ட் தயாரித்து, அதே லிங்க்கை 46 அழைப்பிலும் இணைத்தேன். காலண்டரில் டிரைவ் ஃபைலை இணைத்துச் சேமிக்கும்போது, அழைக்கப்பட்டவர்களுக்கு அனுமதி கொடுக்கட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் எடிட் அனுமதி கொடுத்து அழுத்திவிட்டேன். மதியம் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். "அக்கா, இதுல யாரோ தன் டீம் லீடைப் பத்தி எழுதியிருக்காங்க. நான் படிக்கலாமா?" என்றாள். ஒரே டாகுமென்ட், 46 பேரும் எழுதலாம், 46 பேரும் படிக்கலாம். அதற்குள் மூன்று பேர் எழுதிவிட்டிருந்தார்கள்.

அப்படி ஆகிவிட்டால் முதல் வேலை, அனுமதி முழுவதையும் எடுப்பது. உள்ளே எழுதியதை அழிப்பது போதாது. வெர்ஷன் ஹிஸ்டரியில் அது இருக்கும், எடிட் அனுமதி உள்ள யாரும் பின்னோக்கிப் போய்ப் படிக்கலாம். எழுதிய மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடுவதும் அன்றே நடக்க வேண்டும். வேறு யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரியக் கூடாது.

இரண்டாம் வருஷம் புத்திசாலித்தனமாக லிங்க்கின் முடிவில் உள்ள `/edit` என்பதை `/copy` என்று மாற்றி அனுப்பினேன். திறப்பவர் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்வார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் அந்த நகல் ஊழியரின் சொந்த டிரைவில் பிறக்கிறது, மேனேஜருக்கு அதில் அனுமதி இல்லை. ஊழியர் ஒழுங்காக நிரப்பி லிங்க் அனுப்புவார். மேனேஜர் 1.45க்குத் திறந்தால் அனுமதி கேள் என்று வரும். கேட்டால் அந்த மெயில் சாப்பாட்டு இடைவேளையில் இருக்கும் ஊழியருக்குப் போகும். புகாரில் "அனுமதி கேட்கிறது" என்ற சொல் இருந்தால் முதலில் அந்த ஃபைலின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். ஊழியர் என்றால் காரணம் இதுதான்.

இப்போது செய்வது: நகலை நாங்களே எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறோம். `List` என்ற ஷீட்டில் A ஊழியர் எண், B ஊழியர் மெயில், C மேனேஜர் மெயில், D பேச்சு நாள், E ஃபார்ம் தர வேண்டிய நாள், F லிங்க். கீழே உள்ளதை `Extensions > Apps Script` உள்ளே ஒட்டி ஓட்டினால் F பத்தி நிரம்பிவிடும்.

```
function makeForms() {
  const sh = SpreadsheetApp.getActive().getSheetByName('List');
  const tpl = DriveApp.getFileById('TEMPLATE_ID');
  const box = DriveApp.getFolderById('FOLDER_ID');
  sh.getDataRange().getValues().forEach((r, i) => {
    if (i === 0 || r[5]) return;
    const f = tpl.makeCopy('Form ' + r[0], box);
    f.addEditor(r[1]);
    f.addViewer(r[2]);
    f.setShareableByEditors(false);
    sh.getRange(i + 1, 6).setValue(f.getUrl());
  });
}
```

இதில் இரண்டு இடம் கவனிக்க வேண்டியவை. `FOLDER_ID` என்பது யாரோடும் பகிராத புது ஃபோல்டராக இருக்க வேண்டும். டீம் ஃபோல்டருக்குள் நகல் விழுந்தால், அந்த ஃபோல்டரைப் பார்க்கும் உரிமை உள்ள எல்லோருக்கும் நகலும் தெரியும். நீங்கள் ஆளுக்கு ஒன்றாக அனுமதி கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அடுத்தது, F ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த வரியை ஸ்கிரிப்ட் தாண்டிவிடும். பாதியில் நின்றால் பயப்படாமல் மறுபடி ஓட்டலாம், F நிரம்பிய வரிகளுக்கு இரட்டை நகல் வராது, நின்ற வரிக்கு மட்டும் ஒரு உபரி நகல் கிடக்கலாம்.

ஓட்டிய பிறகு ஒரு சோதனை. இரண்டு ஊழியரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒருவரின் லிங்க்கை மற்றவரின் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். திறக்கக் கூடாது. திறந்தால் அனுப்பாதீர்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். ஸ்கிரிப்டை ஓட்டும் கணக்குதான் 46 ஃபார்முக்கும் உரிமையாளர். என் கணக்கில் ஓட்டினால் நான் எல்லாவற்றையும் படிக்க முடியும். அதனால் எச்.ஆர். கணக்கில் ஓட்டச் சொல்லிவிட்டு, லிங்க்கை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். ஊழியர்களிடமும் இதை அழைப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிடுகிறோம்.

"ஃபார்ம் காலியா வந்திருக்கு"

முழுக்க வெள்ளையாக வந்தால் ஒரு காரணம். நிரப்பி, ஆனால் இரண்டு வரியில் ஒப்பேற்றியிருந்தால் வேறு காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளையாக வருவது பெரும்பாலும் தேதி ஒளிந்திருப்பதால். அழைப்பில் 15ஆம் தேதி 2 மணி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஃபார்ம் எப்போது வேண்டும் என்பது குறிப்பின் ஐந்தாவது வரியில் இருக்கிறது. அழைப்பை ஏற்றுக்கொண்டவர் அதற்குப் பிறகு 15ஆம் தேதி 1.50க்குத்தான் மறுபடி திறப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலண்டர் அவருக்கு நினைவூட்டியது பேச்சை மட்டும்தான். அதனால் ஃபார்ம் தர வேண்டிய நாளுக்குத் தனியாக ஒரு நிகழ்வு போட வேண்டும், லிங்க்கை அதிலும் வைக்க வேண்டும்.

அந்த நாளை எண்ணுவதிலும் ஒரு பிசகு நடக்கும். பேச்சுக்கு இரண்டு வேலை நாள் முன்பு என்பது எங்கள் விதி. மேனேஜர் படிக்க அவ்வளவாவது வேண்டும். 15ஆம் தேதி புதன்கிழமை பேச்சு என்றால் மனக்கணக்கில் 13 என்று வரும். ஆனால் 14 விடுமுறை. ஆகவே 10ஆம் தேதி வெள்ளி. 6ஆம் தேதி திங்கள் பேச்சு என்றால், இந்த முறை 3ஆம் தேதி புனித வெள்ளி விடுமுறையாக வந்தது. அப்படியானால் ஃபார்ம் 1ஆம் தேதியே வேண்டும். முதல் நாள் ஸ்லாட் கிடைத்த மூவருக்கும் மார்ச் கடைசி வாரத்திலேயே ஃபார்ம் கையில் இருந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக ஏப்ரல் 2இல் அனுப்பினால் அவர்களுக்கு நாளே இல்லை. கையால் எண்ணாமல், விடுமுறைத் தேதிகளை `Holidays` என்ற ஷீட்டின் A பத்தியில் எழுதிவிட்டு இப்படிப் போடுங்கள்:

```
=WORKDAY(D2,-2,Holidays!$A$2:$A$20)
```

சனிக்கிழமையும் வேலை நாள் என்றால் `WORKDAY.INTL(D2,-2,11,Holidays!$A$2:$A$20)`. அந்த 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்று சொல்கிறது.

இன்னொன்று. தந்த பிறகும் எழுதிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மேனேஜர் திங்கள் படித்தது ஒன்று, புதன்கிழமை பேசும்போது திரையில் இருப்பது வேறொன்று. E பத்தியின் நாள் மாலையில் ஊழியரின் எடிட் அனுமதியைப் பார்வை அனுமதியாக மாற்றிவிடுங்கள். இதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூட்டியதே ஒரு புகாராக வரும்.

"போன வருஷம் எழுதினதையே ஒட்டியிருக்காங்க"

இது மேனேஜர்களிடமிருந்து வரும் புகார். உடனே ஃபார்மில் கேள்விகளைக் குறைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம் என்று பேச்சு எழும். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரேட்டிங் எந்தத் தேதியில் எச்.ஆரில் பூட்டப்படுகிறது?

இந்த வருஷம் எங்களிடம் அது முதலில் ஏப்ரல் 10. பேச்சு நடக்கும் காலம் 17 வரை. இரண்டும் வேறு வேறு மெயிலில் வந்ததால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பதினாலு பேர் மேனேஜரின் பிற்பகல் ஸ்லாட்டை எண்ணிப் பார்த்தேன். 13இல் மூன்று, 15இல் மூன்று, 16இல் ஒன்று, 17இல் மூன்று. பத்துப் பேர் தன் ரேட்டிங் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பிறகுதான் தன் வருஷத்தைப் பற்றி வாயைத் திறக்கிறார்கள். ஊழியர்களுக்கு இது தெரியாமல் இருக்கும் என்று நினைப்பது நம் வெகுளித்தனம். ஒரு சீனியர் இன்ஜினீயர் என்னிடமே கேட்டார்: "மேடம், மார்க் போட்ட பேப்பருக்கு இப்ப எதுக்குப் பதில் எழுதணும்?"

உறுதிப்படுத்த, ஃபார்ம்களின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை, படிக்கவும் கூடாது. மேனேஜரிடம் கேட்டால் போதும். முதல் வாரத்துக்காரர்களின் ஃபார்ம் பரவாயில்லை, இரண்டாம் வாரத்துக்காரர்களுடையது மட்டும் மெலிந்திருக்கிறது என்று சொன்னால் காரணம் தேதி வரிசைதான். இரண்டு வாரமும் ஒரே மாதிரி மெலிந்திருந்தால் ஃபார்மைக் குறை சொல்லலாம்.

தீர்வு இரண்டே இரண்டு. பூட்டும் தேதியைத் தள்ளச் சொல்ல வேண்டும். நாங்கள் 21 கேட்டோம், கிடைத்தது. கடைசிப் பேச்சுக்குப் பிறகு இரண்டு வேலை நாள். சம்பள உயர்வு கணக்குக்காகத் தள்ளவே முடியாது என்றால் பேச்சை முன்னால் இழுக்க வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில் அதை மதிப்பீட்டுப் பேச்சு என்று அழைக்காதீர்கள். முடிவைச் சொல்லி அடுத்த வருஷத்தைத் திட்டமிடும் சந்திப்பு என்று அழைப்பிலேயே எழுதி, சுயமதிப்பீட்டுக் கேள்விகளை ஃபார்மிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கசப்புதான். ஆனால் நடிக்க வேண்டியதில்லை.

"நான் ரெண்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன், சார் வரவே இல்லை"

மேனேஜரைக் கேட்டால் அவர் மூன்று மணிக்கு வந்ததாகவும் ஊழியர் இல்லை என்றும் சொல்வார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். அழைப்பை அனுப்பியது நான். மேனேஜர் அதில் விருந்தாளி. அவர் தன் காலண்டரில் அந்தக் கட்டத்தைப் பிடித்து இழுத்து மூன்று மணியில் வைத்தார். மாற்றம் உங்கள் காலண்டரில் மட்டுமே தெரியும் என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். யார் படிக்கிறார்கள்?

நேரத்தை மாற்ற விரும்பினால் அழைப்பில் உள்ள `Propose a new time` வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். நான் மாற்றினால் இருவருக்கும் மாறும். மாற்றும்போது D பத்தியையும் மாற்ற வேண்டும். இதை மறந்தால் பேச்சு நகர்ந்திருக்கும், ஃபார்ம் நாள் பழைய இடத்திலேயே நிற்கும். பேச்சை முன்னால் இழுத்திருந்தால் ஃபார்ம் வருவதற்குள் பேச்சே முடிந்திருக்கும். அதனால் ஸ்லாட்டை முன்னால் இழுப்பதை நான் அனுமதிப்பதில்லை, பின்னால் தள்ளுவது மட்டும்தான். இடமாற்றமும் ஒரே மேனேஜரின் ஆட்களுக்குள் மட்டும்.

ஊழியர்களே தங்களுக்குப் பிடித்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று புக்கிங் பக்கம் திறந்து பார்த்தோம். எல்லோரும் கடைசி மூன்று நாளில் போய் விழுந்தார்கள். பரீட்சைத் தேதியை மாணவர்களே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். இப்போது நான் ஒதுக்குகிறேன், அவர்கள் மாற்றிக் கேட்கிறார்கள்.

"மூணாவது ஸ்லாட் எப்பவுமே லேட்"

45 நிமிடப் பேச்சுக்குப் பிறகு உள்ள 15 நிமிடம் காலண்டரில் வெறுமையாகத் தெரிந்தால், அதில் வேறு யாராவது ஒரு போன் காலைச் செருகுவார்கள். முதல் பேச்சு பத்து நிமிடம் நீளும், மூன்றாவது 4.25க்குத் தொடங்கும், 5.10க்குக் கம்பெனி வண்டி கிளம்பும். படிக்கும் 15 நிமிடத்தையும் மேனேஜர் காலண்டரில் தனி நிகழ்வாக அடைத்துவிடுங்கள். நீளும் என்று முன்கூட்டியே தெரிந்த பேச்சை அந்த நாளின் கடைசியில் வையுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசியில் வைக்காதீர்கள். கடினமான வார்த்தையைக் கேட்டவர் அதைச் சனி, ஞாயிறு முழுக்கத் தனியாக மென்றுகொண்டிருப்பார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே"

நிகழ்வின் தலைப்பில் ஊழியர் பெயரும் அப்ரைசல் என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால், காலண்டரைப் பார்க்கும் உரிமை உள்ள சக ஊழியர்கள் யாருக்கு எப்போது என்று படித்துவிடுவார்கள். மீட்டிங் அறை வாசல் திரையிலும் வரும். தலைப்பைச் சாதாரணமாக வைத்து, `Visibility` என்பதை `Private` ஆக்குங்கள். ஃபைல் பெயரில் ரேட்டிங் வேண்டவே வேண்டாம். ஊழியர் எண் போதும்.

"என்னைக் கூப்பிடவே இல்லை"

மிகத் தாமதமாக வரும் புகார் இது. வருத்தத்தோடு வரும். பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். மார்ச் வருகைப் பதிவிலிருந்து எடுத்திருந்தால், அந்த மாதம் முழுக்க விடுப்பில் இருந்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை உண்டு. ஒருவர் ஜனவரியில் போயிருந்தால் ஏப்ரலிலும் இருக்க மாட்டார். ஆனால் வருஷத்தில் ஒன்பது மாதம் வேலை செய்திருப்பார். சம்பளப் பட்டியல்தான் சரியான மூலம். அதை ஒரு தாளில் வைத்து, ஸ்லாட் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்:

```
=COUNTIF(List!A:A,A2)
```

0 என்றால் விடுபட்டவர். 2 என்றால் இரு மேனேஜர்களிடம் பெயர் இருக்கிறது, அநேகமாக நடு வருஷத்தில் டீம் மாறியவர். அவரை இரண்டு முறை உட்கார வைக்க வேண்டாம். பேசுவது இப்போதைய மேனேஜர். பழையவர் தன் குறிப்பை ஃபார்ம் நாளுக்குள் எழுதித் தர வேண்டும். டீம் மாறிப் போனவர் மேல் பழைய மேனேஜருக்கு அக்கறை குறைந்திருக்கும், துரத்தித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

விடுப்பில் இருப்பவருக்குக் காலண்டர் அழைப்பு அனுப்பாதீர்கள். அவர் விடுப்பில் போகும் முன்பே கேட்டு, வேண்டுமானால் போகும் வாரத்திலேயே பேச்சை முடித்துவிடலாம். இல்லை என்றால் திரும்பி வந்த பிறகு ஒரு நாள். போன வருஷம் அப்படி ஒருவருக்குக் கேட்காமல் விட்டுவிட்டோம். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தார். "அக்கா, எல்லாருக்கும் ஃபார்ம் வந்துச்சாமே, நான் இன்னும் அங்கதானே வேலை பார்க்கிறேன்?" அந்த வருஷம் ரேட்டிங் பூட்டும் தேதிக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன நேரத்தில் போனிலேயே பேச வைத்தோம். இந்த வருஷப் பட்டியலில் `COUNTIF` பத்திதான் நான் முதலில் போட்டது.